கட்டப் பலகையில் பார்வைக்கோடும் போர்மூட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் எழுதும் கணினி ஆட்டத்தில் எதிரி என் வீரனைச் சுடுகிறான், ஆனால் அதே இடத்தில் நிற்கும் என் வீரனுக்கு அந்த எதிரி தெரியவே இல்லை. நடுவில் இருக்கும் சுவர் இரண்டு பேருக்கும் ஒன்றுதானே, ஏன் இப்படி?

பெரும்பாலும் பிரெசன்ஹாம் கோடுதான் காரணம். இரண்டு கட்டங்களுக்கு நடுவே நேர்கோடு வரைய எல்லோரும் முதலில் எடுப்பது அதைத்தான், நானும் அதைத்தான் எடுத்தேன். அது 1960-களில் ஐபிஎம்மில் வரைகருவிக்காக உருவான முறை. காகிதத்தில் கோடு அழகாக விழுந்தால் போதும், எந்த முனையிலிருந்து வரைகிறோம் என்பது அங்கே பிரச்சினையே இல்லை. நமக்கு அதுதான் முழுப் பிரச்சினையும்.

மிகச் சின்ன உதாரணம் போதும். சதுரங்கத்தில் குதிரை தாவும் தூரத்தில் இரண்டு பேரை நிறுத்துங்கள்: A நிற்பது (0,0), B நிற்பது (2,1), சுவர் (1,1)-இல்.

```
y=1   .   #   B
y=0   A   .   .
     x=0 x=1 x=2
```

A-யிலிருந்து B-க்குக் கோடு போட்டால் x=1-க்கு வரும்போது y சரியாக 0.5. மேல் கட்டமா கீழ்க் கட்டமா என்று கோடு ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். இணையத்தில் கிடைக்கும் ஒரு முழு எண் வடிவத்தில், பாதி வந்தவுடனே அது இலக்கின் பக்கம் ஒரு படி நகர்ந்துவிடும். அதனால் A-யின் கோடு (1,1) வழியாகப் போய்ச் சுவரில் முட்டும். இப்போது B-யிலிருந்து தொடங்குங்கள். அதே விதி, அதே பாதி, ஆனால் இலக்கு இப்போது கீழே இருப்பதால் கோடு கீழே நகர்ந்து (1,0) வழியாகத் தடையில்லாமல் A-யை அடைந்துவிடும். B-க்கு A தெரிகிறான், A-க்கு B தெரியவில்லை.

நிரலில் தவறே இல்லாமல் இது நடப்பதுதான் இதில் கொடுமை. ஒரு மணி நேரம் ஆடினால் ஒன்றிரண்டு முறை தலைகாட்டும், ஆட்டக்காரர் "எங்கிருந்து சுட்டான்?" என்று திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படியானால் எந்த முனையிலிருந்து கேட்டாலும் ஒரே பதில் வர என்ன செய்வது? முழுக்க மாற்றி எழுத நேரமில்லை.

முழுக்க மாற்ற வேண்டாம். இரண்டு திசையிலும் கோடு போட்டுப் பாருங்கள், ஏதாவது ஒன்று தடையில்லாமல் போனால் இருவருக்கும் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

```python
def can_see(a, b):
    return clear(a, b) or clear(b, a)
```

`clear` உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பிரெசன்ஹாம் சோதனை. இரண்டு முனைக் கட்டங்களையும் விட்டுவிட்டு நடுவில் உள்ளவற்றை மட்டும் அது பார்க்க வேண்டும், அதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சிலர் இதற்குப் பதிலாக x சிறிதாக உள்ள முனையிலிருந்தே எப்போதும் தொடங்குகிறார்கள். அதிலும் A-க்கும் B-க்கும் ஒரே பதில்தான் வரும், ஆனால் வேறொரு அநியாயம் நுழைந்துவிடும். வலப்பக்கம் (2,1)-ஐப் பார்க்கும்போது கோடு (1,1) வழியாகப் போகும். கண்ணாடியில் தெரிவதுபோல் இடப்பக்கம் (-2,1)-ஐப் பார்க்கும்போது, அந்த முனையிலிருந்து தொடங்குவதால் (-1,0) வழியாகப் போகும். இரண்டு பேர் எதிரெதிரே ஆடும் வரைபடத்தை மடித்தால் ஒட்டிக்கொள்வதுபோல் அமைத்திருப்பீர்கள், ஆனால் இடப்பக்கம் நிற்பவருக்கு ஒரு மூலையில் தெரிவது வலப்பக்கம் நிற்பவருக்குத் தெரியாது. "இரண்டில் ஒன்று போதும்" என்ற விதியில் இந்தச் சிக்கலும் வராது.

அப்புறம், எந்த முறையை எடுத்தாலும் இந்தச் சோதனையை எழுதி வைத்துவிடுங்கள்:

```python
for a in floor_cells:
    for b in floor_cells:
        assert can_see(a, b) == can_see(b, a)
```

20×20 வரைபடத்தில் எல்லாமே தரையாக இருந்தாலும் 400 கட்டங்கள், 1,60,000 ஜோடிகள், அவ்வளவுதான். சுவர்களைத் தாறுமாறாகத் தூவிச் சில வரைபடங்களில் ஓட்டுங்கள். கையால் ஆடிப் பார்த்து இந்தப் பிழையைப் பிடிப்பது மிகவும் கடினம், இந்த மூன்று வரி உடனே பிடித்துவிடும்.

ஷேடோகாஸ்டிங் என்று ஒன்று சொல்கிறார்களே, அது எதற்கு? ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கோடு போட்டாலே வேலை முடிந்ததே?

வேகத்துக்காக என்று பலர் நினைக்கிறார்கள். முறை வைத்து ஆடும் ஆட்டத்தில் வேகம் பெரிய காரணமே இல்லை. பார்வைத் தூரம் 8 என்றால் 17×17 சதுரத்தில் ஒருவனுக்கு 288 கோடுகள், ஒவ்வொன்றும் அதிகபட்சம் 8 அடி. எட்டு வீரர்களுக்கும் சேர்த்தால்கூட இன்றைய கணினிக்கு அது ஒரு வேலையே கிடையாது.

உண்மையான காரணம் நிழலின் வடிவம். தூணுக்குப் பின்னால் நிழல் ஒரே ஆப்பு மாதிரி விரிந்துகொண்டே போக வேண்டும். தனித்தனிக் கோடுகள் போட்டால் ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு மேலோ கீழோ சாய்வதால், நிழலுக்கு நடுவில் ஒற்றைக் கட்டம் தெரியும், வெளிச்சத்துக்கு நடுவில் ஒற்றைக் கட்டம் இருண்டு கிடக்கும். அந்த ஒற்றைக் கட்டத்தில் ஒரு எதிரி நின்றால் போச்சு.

ஷேடோகாஸ்டிங்கில் பார்ப்பவனிடமிருந்து ஒவ்வொரு வரிசையாக வெளியே போகிறோம். எந்தச் சாய்விலிருந்து எந்தச் சாய்வுவரை இன்னும் திறந்திருக்கிறது என்பதைக் கையில் வைத்துக்கொள்கிறோம். வழியில் சுவர் வந்தால் அந்த இடைவெளி குறுகும், அல்லது இரண்டாகப் பிரியும். இதிலும் பல வகைகள் உண்டு, எல்லாமே சமச்சீரானவை அல்ல, அதாவது எந்த முனையிலிருந்து கேட்டாலும் ஒரே பதில் தருபவை அல்ல. நீங்கள் எடுக்க வேண்டியது இரண்டு விதிகள் உள்ள வகையை: தரைக் கட்டம் தெரிய அதன் மையம் திறந்த இடைவெளிக்குள் இருக்க வேண்டும், சுவர்க் கட்டத்துக்கு அதன் ஏதாவது ஒரு பகுதி பட்டாலே போதும். தரைக்கு மையத்திலிருந்து மையத்துக்குப் பார்ப்பதால்தான் இரு திசையிலும் ஒரே பதில் வருகிறது. சுவருக்குத் தளர்வு கொடுப்பதால் அறையின் சுவர்கள் ஓட்டை ஓட்டையாகத் தெரியாது. சுவரிலிருந்து யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை, அதனால் அந்தத் தளர்வு யாருக்கும் அநியாயம் இல்லை.

நம் குதிரைத் தாவலையே இதில் போட்டுப் பார்க்கலாம். A-யிலிருந்து வலப்பக்கம் போகிறோம், எத்தனை அடி தள்ளி என்பது ஆழம், எவ்வளவு மேலே என்பது இடம். சுவர் ஆழம் 1, இடம் 1. அதன் கீழ் விளிம்பின் சாய்வு (2×1−1)/(2×1), அதாவது 1/2. சுவருக்குக் கீழே இருக்கும் திறப்பு அந்தச் சாய்வோடு முடிகிறது. B ஆழம் 2, இடம் 1, மையத்தின் சாய்வு 1/2. சரியாக விளிம்பிலேயே உட்கார்ந்திருக்கிறது! விளிம்பும் உள்ளேதான் என்று எடுத்துக்கொள்வதால் தெரியும். B-யிலிருந்து பார்த்தால் சுவர் ஆழம் 1, இடம் 0, அதன் விளிம்பு −1/2. A ஆழம் 2, இடம் −1, சாய்வு −1/2. மறுபடியும் விளிம்பில், மறுபடியும் தெரியும்.

இப்படிச் சரியாக விளிம்பில் விழும் கணக்குகள் கட்டப் பலகையில் அடிக்கடி வரும். அதனால் சாய்வைத் தசம எண்ணாக வைக்காதீர்கள், ஒரு திசையில் 0.5 என்றும் இன்னொரு திசையில் 0.4999… என்றும் வந்துவிட்டால் உழைத்ததெல்லாம் வீண். வகுக்காமல் குறுக்கே பெருக்கி முழு எண்ணாகவே ஒப்பிடுங்கள்:

```python
# wall: depth wd, column wc;  floor: depth d, column c
c * 2 * wd <= d * (2 * wc - 1)
```

இது சுவரின் கீழ்ப்பக்கத் திறப்புக்கான சோதனை. A-யின் கணக்கில் 2 <= 2, B-யின் கணக்கில் −2 <= −2. இரண்டும் உண்மை. மேல்பக்கத்துக்கு `2 * wc + 1` வைத்து, ஒப்பீட்டைத் திருப்பிப் போட வேண்டும்.

சமச்சீர் வேண்டும் என்றால் காட்டில் ஒளிவது, ஸ்னைப்பருக்கு நீண்ட பார்வை இதெல்லாம் வைக்க முடியாதா?

தாராளமாக வைக்கலாம். கோடு வேறு, தெரிவது வேறு. கோடு இரண்டு பேருக்கும் பொது, அது சமச்சீராக இருந்தே ஆக வேண்டும். அதன் மேல் "இவன் 10 கட்டம் பார்ப்பான், அவன் 7 கட்டம்தான்" என்றோ "காட்டில் நிற்பவனைப் பக்கத்துக் கட்டத்திலிருந்து மட்டுமே பார்க்க முடியும்" என்றோ விதி போடுங்கள். அட்வான்ஸ் வார்ஸ் வரிசை ஆட்டங்களில் காடு இப்படித்தான் வேலை செய்கிறது. அங்கே யாரும் ஏமாந்ததாக நினைப்பதில்லை, ஏனென்றால் விதி முன்கூட்டியே தெரியும், காடும் கண்ணெதிரே இருக்கிறது. ஆட்டக்காரரால் ஊகிக்கவே முடியாத வித்தியாசம்தான் பிழை.

பார்வைத் தூரத்தை வட்டமாக வைத்தால் நான்கு பக்கமும் ஒற்றைக் கட்டம் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. எப்படிச் சரிசெய்வது?

`dx*dx + dy*dy <= r*r` என்று போட்டிருப்பீர்கள். r=3 என்றால் (3,0) உள்ளே, (3,1)-க்கு 10 வருவதால் வெளியே. அதனால்தான் மூக்கு. `r*r + r` என்று மாற்றுங்கள், எல்லை 12 ஆகும், (3,1) உள்ளே வந்துவிடும், வட்டம் வட்டமாகத் தெரியும். அரைக் கட்டம் கூடுதலாகச் சேர்ப்பதற்குச் சமம் அது, முழு எண்ணிலேயே முடிந்துவிடுகிறது.

இரண்டு சுவர்கள் மூலையோடு மூலை தொட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த இடுக்கு வழியாகப் பார்க்கலாமா?

நடக்க விடுகிறீர்களா என்று முதலில் பாருங்கள். நடக்க முடியும் என்றால் பார்க்கவும் விடுங்கள், முடியாது என்றால் பார்வையையும் அடைத்துவிடுங்கள். நடக்க முடியாத மூலை வழியாகச் சுட மட்டும் முடிந்தால், சுவருக்குள் புகுந்து குண்டு வந்ததாகவே ஆட்டக்காரர் நினைப்பார். பிரெசன்ஹாம் இதைத் தானாகக் கவனிக்காது, ஏனென்றால் மூலைவிட்டமாக ஒரு அடி வைக்கும்போது நடுவில் கட்டமே இல்லை. ஒவ்வொரு மூலைவிட்ட அடியிலும் பக்கத்து இரண்டு கட்டங்களும் சுவரா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பார்வைக்கு எட்டாத இடங்களை மறைக்கும் மூட்டத்துக்கு எத்தனை நிலைகள் வேண்டும்? முழு இருட்டு, மங்கல், வெளிச்சம் என்று மூன்று எண்களை ஒரு அட்டவணையில் வைத்தால் போதுமா?

திரையில் மூன்று நிலை போதும். உள்ளே அப்படிச் சேமிக்காதீர்கள், ஏனென்றால் மங்கல் என்பது வெறும் நிறம் அல்ல, அது நினைவு. ஒவ்வொரு அணிக்கும் இரண்டு பொருள்கள் தேவை. ஒன்று, இந்த நொடியில் தெரியும் கட்டங்களின் தொகுப்பு. இன்னொன்று, ஒவ்வொரு கட்டத்தையும் கடைசியாகப் பார்த்தபோது அது எப்படி இருந்தது என்ற நகல்: தரையா, சுவரா, கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா.

நகல் ஏன் என்றால், உங்கள் ஆட்கள் போனபின் எதிரி அந்தக் கதவைத் திறக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மங்கலான பகுதியை நீங்கள் உண்மையான வரைபடத்திலிருந்து வரைந்தால் கதவு உங்கள் கண்ணெதிரே திறக்கும், எதிரி எங்கே இருக்கிறான் என்று இலவசமாகச் சொல்லிவிடும். நகலிலிருந்து வரைந்தால் கதவு மூடியே இருக்கும், மறுபடி யாராவது போய்ப் பார்க்கும்வரை. சரி, எதிரிகளையும் அப்படி நினைவில் காட்டலாமா என்றால் காட்டலாம், ஆனால் கடைசியாகப் பார்த்த இடத்தில் ஒரு வெளிறிய குறியாக. அந்தக் கட்டம் மறுபடி தெரிந்து அங்கே யாரும் இல்லை என்றால் குறியை நீக்கிவிட வேண்டும்.

தெரியும் தொகுப்பைப் பராமரிக்கச் சிலர் ஒவ்வொரு கட்டத்திலும் "எத்தனை பேர் பார்க்கிறார்கள்" என்று எண்ணிக்கை வைத்து, வீரன் நகரும்போது கூட்டிக் கழிக்கிறார்கள். வேலை செய்யும், ஒரு வீரன் சாகும்வரை. கழிக்க மறந்த ஒரே ஒரு இடம் போதும், யாருமே இல்லாத மூலை ஆட்டம் முடியும்வரை வெளிச்சமாகவே இருக்கும். கதவு மூடும்போதும் சுவர் இடியும்போதும் இதே ஆபத்து. சின்னப் பலகையில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தொகுப்பைக் காலி செய்துவிட்டு எல்லா வீரர்களுக்கும் புதிதாகக் கணக்கிடுங்கள். மேலே சொன்ன கணக்குப்படி அதற்கு நேரமே ஆகாது, பிழைக்கு இடமும் இல்லை.

எதிரிகளை வரையாமல் மறைத்துவிட்டேன், ஆனாலும் ஆட்டக்காரர்கள் அவர்கள் எங்கே என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். எப்படி?

பெரும்பாலும் வழித்தேடல் காட்டிக்கொடுக்கிறது. என் ஆட்டத்தில் அதுதான் நடந்தது, ஆடிப் பார்த்த நண்பர் ஒருவர் சுட்டியை மூட்டத்தின் மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டே இருந்தார், ஏன் என்று எனக்கு முதலில் புரியவில்லை. நேராகப் போக வேண்டிய வழிக்கோடு ஒரு இடத்தில் மட்டும் வளைந்து போயிருக்கிறது. அங்கே மறைந்து நிற்கும் எதிரியைச் சுற்றிக்கொண்டு வழி காட்டியிருக்கிறது என் நிரல்!

வழித்தேடலுக்கு உண்மையான வரைபடத்தைக் கொடுக்காதீர்கள், அந்த அணியின் நினைவு வரைபடத்தையும் இப்போது தெரியும் எதிரிகளையும் மட்டும் கொடுங்கள். அப்போது வழி மறைந்திருப்பவன் மேலேயே போகும், போகட்டும். நடக்கும்போது அடுத்த கட்டத்தில் ஆள் இருப்பது தெரிந்தால் அதற்கு முந்தைய கட்டத்தில் வீரனை நிறுத்துங்கள். மீதி நகர்வு பறிபோகிறதா இல்லையா என்பது உங்கள் ஆட்டத்தின் விதி, அட்வான்ஸ் வார்ஸில் அப்படி முட்டிக்கொண்டால் அந்த யூனிட்டின் முறை அங்கேயே முடிந்துவிடும்.

இதே மாதிரிக் கசிவு வேறு இடங்களிலும் இருக்கும். சுட்டியை வைத்தால் "இங்கே நிற்க முடியாது" என்று சிவப்பாவது, மூட்டத்துக்குள்ளிருந்து காலடிச் சத்தம், எதிரியின் முறையில் கேமரா அவன் பின்னால் ஓடுவது, மறைந்திருப்பவன் யோசிக்கும் நேரம்கூட. ஒவ்வொன்றாக ஒட்டுப் போடுவதைவிட, திரை, ஒலி, சுட்டி மூன்றுமே அணியின் பார்வையை மட்டும் கேட்கும்படி அமைப்பது நல்லது. இணையம் வழி இருவர் ஆடும் ஆட்டம் என்றால் மறைந்திருப்பவனின் இடத்தை எதிராளியின் கணினிக்கே அனுப்பக் கூடாது. அனுப்பிவிட்டுத் திரையில் மறைத்தால் நினைவகத்தைப் படித்து எடுத்துவிடுவார்கள்.

வீரன் ஆறு கட்டம் நடக்கிறான். நடந்து முடிந்தபின் ஒருமுறை பார்வையைக் கணக்கிட்டால் போதாதா?

போதாது. ஒரு சந்தின் வாயைக் கடந்து போகிறான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கட்டத்தில் நிற்கும்போது மட்டும் சந்துக்குள் நேராகத் தெரியும், உள்ளே எதிரி நிற்கிறான். கடைசியில் மட்டும் கணக்கிட்டால் ஆறாவது கட்டத்திலிருந்து சந்து தெரியாது, நம் ஆள் எதிரியின் முன்னாலேயே நடந்துபோயும் பார்க்கவே இல்லை என்றாகிவிடும். ஒவ்வொரு அடிக்கும் கணக்கிடுங்கள். புதிதாக எதிரி தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, மீதி மூன்று அடியை ஆட்டக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள், தொடர்வதா பின்வாங்குவதா என்று அவர் முடிவு செய்யட்டும். வரிசையும் முக்கியம்: முதலில் அடி, பிறகு பார்வை, அதற்கப்புறம்தான் காத்திருக்கும் எதிரியின் துப்பாக்கி. மாற்றி வைத்தால் இன்னும் திரையில் வராத ஒருவன் சுடுவான்.

எதிரி நகரும்போதும் அதே மாதிரி, அவனுடைய எந்தெந்த அடிகள் நம் தொகுப்புக்குள் விழுகின்றனவோ அவற்றை மட்டும் காட்டுங்கள்.

நகர்வைத் திரும்பப் பெறும் வசதி வைத்திருந்தால் ஒரு விதி கட்டாயம்: அந்த நகர்வு ஒரே ஒரு புதிய கட்டத்தையோ எதிரியையோ காட்டியிருந்தாலும் திரும்பப் பெற முடியாது. இல்லாவிட்டால் ஒவ்வொரு வீரனையும் முன்னால் அனுப்பி, எட்டிப் பார்த்து, திரும்ப இழுத்துக்கொள்வார்கள். மூட்டமே இல்லாத ஆட்டமாகிவிடும்.

தூணை ஒட்டி நிற்கும் வீரனுக்கு மூலைக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரிவதில்லை. உண்மையில் தலையை நீட்டிப் பார்ப்பானே?

கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, விதிதான் கடுமையாக இருக்கிறது. 2012-இல் வந்த எக்ஸ்காம்: எனிமி அன்னோன் இதற்கு மறைவிலிருந்து பக்கத்துக் கட்டத்துக்கு எட்டி வந்து பார்ப்பதாக வைத்திருக்கிறது. நீங்களும் அப்படிச் செய்யலாம்: வீரன் நிற்கும் கட்டத்தோடு, அவன் சாய்ந்திருக்கும் சுவரின் இரு பக்கமும் காலியாக உள்ள கட்டங்களையும் அவனுடைய "கண்கள்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சமச்சீர் மறுபடி உடையும் இடம் இதுதான். பார்ப்பவனுக்கு மட்டும் கண்களைக் கூட்டி, பார்க்கப்படுபவனை ஒற்றைக் கட்டமாக வைத்தால், தூணுக்குப் பின்னால் நிற்பவன் எல்லோரையும் பார்ப்பான், வெட்டவெளியில் நிற்பவனால் அவனைப் பார்க்க முடியாது. அதனால் இருவருக்கும் கண்களின் பட்டியல் எடுங்கள், இவன் கண்களில் ஏதாவது ஒன்றுக்கும் அவன் கண்களில் ஏதாவது ஒன்றுக்கும் கோடு திறந்திருந்தால் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். மேலே எழுதிய அதே சோதனையை இந்த விதியோடும் ஓட்டுங்கள், இம்முறை கட்டங்களுக்குப் பதிலாக வீரர்கள் நிற்கக்கூடிய எல்லா இடங்களுக்கும்.

கணினி எதிரிக்கும் மூட்டம் வேண்டுமா, இல்லை அது எல்லாவற்றையும் பார்த்தால் பரவாயில்லையா?

வேண்டும் என்பதுதான் என் பக்கம். ஒவ்வொரு அணிக்கும் தொகுப்பும் நினைவும் தனியாக வைத்திருந்தால் கணினிக்கும் அதே அமைப்பைக் கொடுப்பதில் கூடுதல் வேலை அதிகமில்லை. எல்லாம் தெரிந்த எதிரி, பதுங்கியிருக்கும் உங்கள் ஆளை நோக்கி நேராக நடந்து வருவான், ஆட்டக்காரர் இரண்டாவது முறையே கண்டுபிடித்துவிடுவார். அதன்பின் பதுங்குவதையே விட்டுவிடுவார். கணினி ரொம்பவும் தடுமாறினால், கடைசியாகப் பார்த்த இடத்துக்கும் சத்தம் கேட்ட இடத்துக்கும் அதை அனுப்பித் தேட வையுங்கள். அந்தத் தேடலை ஆட்டக்காரரால் ஏமாற்ற முடியும்: ஓர் ஆளை வேண்டுமென்றே ஒரு நொடி காட்டிவிட்டு, மற்றவர்களை வேறு வழியாக அனுப்புவார்.